ஒன்பதாவது சிப்: ஒத்தையா, ரெட்டையா?

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் மதர்போர்டில் மெமரி சிப்புகள் நாலு வரிசையாக நிற்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஒரு சிப்புக்கு ஒரு பிட். அப்படியானால் வரிசைக்கு 8 சிப் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 9 இருக்கும். நாலு வரிசைக்கும் சேர்த்து 36 சிப். அதில் 4 சிப்புகளில் நம்முடைய தரவு ஒரு துளிகூட இல்லை.

மெமரி விலை எக்கச்சக்கமாக இருந்த காலம் அது. எட்டுக்கு ஒன்று வீதம் கூடுதலாகச் செலவழித்து ஐபிஎம் அந்த ஒன்பதாவது சிப்பை எதற்கு வைத்தது? அது எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும்? பிரெட்போர்டில் நானே ஒரு பாரிட்டி சர்க்யூட் கட்டிப் பார்த்தபோதுதான் இதற்கு எனக்குச் சரியான பதில் கிடைத்தது. அந்தக் குறிப்புகள் இவை.

முதலில் விளையாட்டு

புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்கிற விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? பாரிட்டி பிட் அதே கேள்விக்கான பதில்தான். ஒரு பைட்டில் எத்தனை 1 இருக்கிறது என்று அது சொல்லாது. ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்பதை மட்டும் சொல்லும்.

இதில் இரண்டு வழக்கம் உண்டு. பாரிட்டி பிட்டையும் சேர்த்து எண்ணினால் 1-களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி வைத்தால் அது இரட்டைப்படை பாரிட்டி. எப்போதும் ஒற்றைப்படையாக வரும்படி வைத்தால் ஒற்றைப்படை பாரிட்டி. படிக்கும்போது மறுபடி எண்ணுகிறோம். கணக்கு மாறியிருந்தால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

விளையாட்டில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். யாராவது ஒரு கொட்டையை எடுத்துவிட்டால் பதில் மாறிவிடும். இரண்டை எடுத்துவிட்டால் பதில் மாறாது. இந்தக் கட்டுரையின் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது. மீதிப் பாதி, யார் எப்படி எடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

எண்ணாமலே எண்ணுகிற கேட்

ஒற்றையா இரட்டையா என்று தெரிந்துகொள்ள எண்ண வேண்டியதில்லை. எக்ஸார் கேட் போதும்.

```
A B  A^B
0 0   0
0 1   1
1 0   1
1 1   0
```

மாடிப்படி லைட் மாதிரிதான் இது. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் லைட்டின் நிலை மாறும். இரண்டையும் தட்டினால் பழைய நிலைக்கே வந்துவிடும். எக்ஸார் கேட்டிலும் உள்ளே வருகிற ஒவ்வொரு 1-உம் வெளியீட்டைப் புரட்டிப் போடுகிறது. வருகிற 0 ஒன்றும் செய்யாது. ஆகவே எத்தனை பிட்டுகளை எக்ஸார் கேட்டுகளால் கோத்தாலும், கடைசியில் வருகிற விடை "ஒற்றைப்படைத் தடவை புரண்டதா?" என்பதுதான். 1 வந்தால் ஒற்றை, 0 வந்தால் இரட்டை.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். '5' என்ற எழுத்தின் ஆஸ்கி குறியீடு 00110101. இதை இரண்டு இரண்டாகப் பிரித்து எக்ஸார் செய்து, வந்த விடைகளை மறுபடி இரண்டு இரண்டாகச் செய்தால்:

```
0 0   1 1   0 1   0 1
 0     0     1     1
    0           0
          0
```

கடைசி விடை 0. அதாவது நாலு 1 இருக்கிறது, இரட்டைப்படை. இரட்டைப்படை பாரிட்டி வேண்டுமென்றால் இந்த 0-தான் பாரிட்டி பிட். ஏற்கெனவே இரட்டையாக இருப்பதால் எதுவும் சேர்க்க வேண்டாம்.

கேட் கணக்கு பாருங்கள். முதல் படியில் 4, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. மொத்தம் 7 எக்ஸார் கேட். 7486 என்ற சிப்பில் நாலு எக்ஸார் கேட் இருக்கும். இரண்டு சிப் வாங்கினால் 8 கேட். ஏழு போக ஒன்று மிச்சம். இந்த எட்டாவது கேட்டுக்கும் வேலை இருக்கிறது. அதன் ஒரு உள்ளீட்டில் மரத்தின் விடையைக் கொடுங்கள். இன்னொரு உள்ளீட்டை 1-இல் கட்டினால் விடை தலைகீழாகி ஒற்றைப்படை பாரிட்டி வரும். 0-இல் கட்டினால் அப்படியே இரட்டைப்படை பாரிட்டி. ஒரே ஒரு சுவிட்சால் இரண்டு வழக்கத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.

ஏழு கேட்டையும் மரமாகக் கட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலவும் கோக்கலாம். விடை ஒன்றுதான். ஆனால் நேரம் வேறு. ஒரு கேட்டுக்கு 10 நானோநொடி என்று வைத்துக்கொண்டால், சங்கிலியில் முதல் பிட் 7 கேட்டையும் கடந்து வர 70 நானோநொடி ஆகும். மரத்தில் மூன்று படிதான், 30 நானோநொடி. மெமரியைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் இந்தக் காத்திருப்பு சேரும் என்பதால் யாரும் சங்கிலி கட்டுவதில்லை.

சாஃப்ட்வேரில் செய்தாலும் இதே மரம்தான், மடித்து மடித்து வருகிறது:

```
p = d ^ (d >> 4);
p = p ^ (p >> 2);
p = p ^ (p >> 1);
p = p & 1;
```

நான் செய்த தப்பு

பிரெட்போர்டில் இதைக் கட்டியபோது முதலில் 7 பிட்டுக்கு மட்டும் சுவிட்ச் வைத்தேன். ஆஸ்கிக்கு 7 பிட் போதுமே. எட்டாவது உள்ளீட்டை எதிலும் இணைக்காமல் விட்டுவிட்டேன். இணைக்கவில்லை என்றால் 0 தானே என்ற நினைப்பு.

எல்.இ.டி எல்லாவற்றுக்கும் தலைகீழான விடை காட்டியது. இரட்டைப்படைக்குக் கட்டியது ஒற்றைப்படையாக வேலை செய்தது. ஒரு மணி நேரம் ஒயர் ஒயராகப் பார்த்துவிட்டுத்தான் புரிந்தது. டிடிஎல் வகை சிப்புகளில் சும்மா விட்ட உள்ளீடு 1 மாதிரி நடந்துகொள்ளும். எக்ஸாரில் ஒரு கூடுதல் 1 என்றால் முழு விடையும் புரண்டுவிடும்.

ஆண்ட், ஆர் கேட்டுகளில் இப்படி ஒரு தப்பு சில சமயம் மறைந்துகொள்ளும். எக்ஸார் மரத்தில் மறையவே மறையாது, ஏனென்றால் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் விடையைப் புரட்டுகிற சக்தி உண்டு. கண்டுபிடிக்கவும் சுலபம். எல்லாச் சுவிட்சையும் 0-இல் வைத்தால் இரட்டைப்படை ஜெனரேட்டர் 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் எங்கோ ஓர் உள்ளீடு மிதக்கிறது. சிமாஸ் வகையான 74HC86 என்றால் இன்னும் மோசம், கை கிட்டே போனாலே விடை மாறிக்கொண்டிருக்கும். வேண்டாத உள்ளீட்டைத் தரையோடு கட்டிவிடுங்கள்.

எழுதும்போதும் படிக்கும்போதும் அதே சிப்

கடைகளில் 74280 என்று ஒரு சிப் கிடைக்கும். இந்த மரம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. 9 உள்ளீடு, 2 வெளியீடு. ஒரு வெளியீடு 1-களின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் 1 ஆகும், இன்னொன்று ஒற்றையாக இருந்தால் 1 ஆகும். 8 பிட் தரவுக்கு எதற்கு 9 உள்ளீடு? அங்கேதான் விஷயம்.

ஒற்றைப்படை பாரிட்டி என்று வைத்துக்கொள்வோம். மெமரியில் எழுதும்போது தரவின் 8 பிட்டும் 74280-க்குள் போகும். ஒன்பதாவது உள்ளீட்டை 0-இல் பிடித்து வைக்கிறோம். தரவில் இரட்டைப்படை 1-கள் இருந்தால் "இரட்டை" வெளியீடு 1 ஆகும். அதையே பாரிட்டி பிட்டாக ஒன்பதாவது சிப்பில் எழுதினால் மொத்தம் ஒற்றைப்படை ஆகிவிடுகிறது. நம்முடைய '5'-க்கு நாலு 1, எனவே பாரிட்டி 1, மொத்தம் ஐந்து.

படிக்கும்போது 8 பிட் தரவோடு, ஒன்பதாவது சிப்பில் கிடந்த அந்தப் பழைய பிட்டையும் ஒன்பதாவது உள்ளீட்டில் கொடுக்கிறோம். எல்லாம் சரியாக இருந்தால் மொத்தம் ஒற்றைப்படைதான். அதே "இரட்டை" வெளியீடு இப்போது 1 ஆனால் அது பிழை என்று அர்த்தம். எழுதும்போது பாரிட்டியாக இருந்த அதே கம்பி, படிக்கும்போது அபாய மணி ஆகிவிடுகிறது.

ஐபிஎம் பிசியில் இந்த மணி அடித்தால், புராசசரால் ஒதுக்கித் தள்ள முடியாத ஒரு இன்டரப்ட் போகும். திரையில் `PARITY CHECK 1` என்று வரும். மெஷின் அப்படியே நின்றுவிடும். மதர்போர்டு மெமரி என்றால் 1, விரிவாக்கக் கார்டில் இருக்கிற மெமரி என்றால் `PARITY CHECK 2`.

இதில் ஒரு சுவையான பின்விளைவு உண்டு. கரண்ட் போட்டவுடன் மெமரி சிப்புகளில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. தரவும் குப்பை, பாரிட்டியும் குப்பை. யாரும் எழுதாத இடத்தைப் படித்தால் பாதிக்குப் பாதி பாரிட்டி பிழை வரும். அதனால் பயாஸ் முதலில் மெமரி முழுவதும் ஒருமுறை எழுதி முடித்துவிட்டுத்தான் மணியை இயக்க வேண்டும்.

எது மாட்டும், எது தப்பும்

'5' என்பது ஒரு கணக்குப் புத்தகத்தில் 5000 ரூபாயின் முதல் இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். தரவும் பாரிட்டியுமாக 9 பிட்:

```
00110101 1   எழுதியது: '5', ஐந்து 1
00110111 1   '7' ஆகிவிட்டது, ஆறு 1: மாட்டியது
00110110 1   '6' ஆகிவிட்டது, ஐந்து 1: தப்பியது
00110101 0   '5' தான், நாலு 1: பிழை என்று நிற்கும்
```

இரண்டாவது வரியில் ஒரு பிட் மாறி 5000 என்பது 7000 ஆகப் பார்த்தது. மாட்டிக்கொண்டது. மூன்றாவதில் கடைசி இரண்டு பிட்டும் புரண்டு 6000 ஆகிவிட்டது. மெஷின் நிற்காது, செய்தி வராது, பில் அச்சாகிவிடும். நாலாவதில் தரவு சரியாகவே இருக்கிறது, பாரிட்டி பிட்தான் கெட்டது. ஆனாலும் மெஷின் நிற்கும், ஏனென்றால் ஒன்பதில் எது கெட்டது என்று அதற்குத் தெரியாது. ஒன்பது தனிப் பிட் பிழைகளுக்கும் ஒரே மணிதான். எங்கே என்று தெரியாததால் திருத்தவும் முடியாது. நிறுத்தத்தான் முடியும்.

இன்னொரு விஷயம். எந்தத் தரவு என்பது இங்கே பொருட்டே இல்லை. படித்ததை "எழுதியது எக்ஸார் பிழை" என்று எழுதலாம். எழுதியதன் பாரிட்டி எப்போதும் சரி. ஆகவே சோதனையின் விடை பிழையின் பாரிட்டி மட்டும்தான். புரண்ட பிட்டுகள் 1, 3, 5, 7, 9 என்றால் மாட்டும். 2, 4, 6, 8 என்றால் தப்பும்.

9 பிட்டில் பிழை எத்தனை விதமாக வரலாம்? 511 விதம். அதில் ஒற்றைப்படையாகப் புரளுகிறவை 256, இரட்டைப்படையாகப் புரளுகிறவை 255. பாதிக்குப் பாதி! காசைச் சுண்டிப் போட்டுப் பார்க்கிற அளவுக்குத்தான் இது நல்லதா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 511 விதமும் சமமாக வருவதில்லை. அதுதான் கதை.

ஒவ்வொரு பிட்டும் தனித்தனியாக, பத்து லட்சத்தில் ஒருமுறை புரள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு பைட்டில் ஏதாவது ஒரு பிட் புரள வாய்ப்பு பத்து லட்சத்தில் 9. இரண்டு பிட் சேர்ந்து புரள, ஜோடிகள் 36 இருப்பதால், லட்சம் கோடியில் 36. அதாவது கெட்டுப்போன பைட்டுகளில் ஏறக்குறைய இரண்டரை லட்சத்துக்கு ஒன்றுதான் தப்பும். அதே பாரிட்டி பிட்தான், அதே ஏழு கேட்தான். பிழைகள் தனித்தனியாக வந்தால் அது அருமையான காவலாளி, கும்பலாக வந்தால் பூவா தலையா.

இப்போ அந்த 9 சிப் வரிசையை மறுபடி பாருங்கள். ஒரு பைட்டின் 9 பிட்டும் 9 வெவ்வேறு சிப்பில் இருக்கின்றன. ஒரு சிப் முழுதாகச் செத்துப்போனாலும் ஒரு பைட்டில் ஒரு பிட்தான் கெடும். 1978-இல் இன்டெல்லில் வேலை பார்த்த டிமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும், சிப்பின் உறையில் துளித்துளியாக இருக்கும் யுரேனியம், தோரியம் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் மெமரி செல்லைப் புரட்டுகின்றன என்று காட்டினார்கள். அந்தத் துகள் தாக்குவதும் ஒரே ஒரு சிப்பைத்தான். பிழை எப்படி வரும் என்பதும் பாரிட்டி எதைப் பிடிக்கும் என்பதும் கச்சிதமாகப் பொருந்தின. அந்த ஒன்பதாவது சிப்புக்குக் கொடுத்த காசு வீணில்லை.

செத்த சிப் உடனே மாட்டும் என்றும் சொல்ல முடியாது. ஒரு சிப் எப்போதும் 0 கொடுக்கிறது என்றால், அந்த இடத்தில் 0 இருக்க வேண்டிய பைட்டுகளெல்லாம் சரியாகவே இருக்கும். 1 இருக்க வேண்டிய முதல் பைட் வரும்போதுதான் மணி அடிக்கும்.

ஒற்றைப்படையா, இரட்டைப்படையா: எது நல்லது?

ஒரு பிட் பிழையைப் பிடிப்பதில் இரண்டும் சமம்தான். வித்தியாசம் வருவது எல்லாக் கம்பிகளும் ஒரேயடியாக 0 ஆகும்போதோ 1 ஆகும்போதோ.

9 பிட்டும் 0 என்றால் 1-களின் எண்ணிக்கை பூஜ்யம், அது இரட்டைப்படை. இரட்டைப்படை பாரிட்டியில் அது "சரி". ஒற்றைப்படையில் பிழை. 9 பிட்டும் 1 என்றால் ஒன்பது, ஒற்றைப்படை. இப்போது ஒற்றைப்படை பாரிட்டி ஏமாறும், இரட்டைப்படை பிடித்துவிடும். ஆனால் 7 பிட் தரவும் ஒரு பாரிட்டியுமாக மொத்தம் 8 என்றால் நிலைமை வேறு. எல்லாம் 0 என்றாலும் எல்லாம் 1 என்றாலும் எண்ணிக்கை இரட்டைதான். ஒற்றைப்படை பாரிட்டி இரண்டையும் பிடிக்கும், இரட்டைப்படை பாரிட்டி இரண்டையும் விட்டுவிடும்.

இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை. ஐபிஎம்மின் பழைய 7 டிராக் காந்த டேப்பில் 1 என்றால் காந்தப் புலம் திசை மாறும், 0 என்றால் ஒன்றும் நடக்காது. ஏழு டிராக்கிலும் 0 என்றால் அங்கே ஓர் எழுத்து இருப்பதே தெரியாது, வெற்று டேப் மாதிரி. பைனரித் தரவுக்கு ஒற்றைப்படை பாரிட்டி வைத்தார்கள், அதனால் ஒவ்வொரு எழுத்திலும் குறைந்தது ஒரு 1 உறுதி. எழுத்துத் தரவுக்கு இரட்டைப்படை பாரிட்டி வைத்ததால் 0 என்ற இலக்கத்தை எல்லாம் பூஜ்யமாக எழுத முடியவில்லை. அதை 10 என்ற குறியீடாக மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

பொருத்தம் உடைகிற இடங்கள்

பாரிட்டி எங்கே கைவிடும் என்று இப்போது நாமே சொல்லிவிடலாம். ஒரு கோளாறு ஒரு பைட்டில் ஒரு பிட்டுக்கு மேல் தொடுகிறதா என்று மட்டும் கேட்டால் போதும்.

சீரியல் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 9600 வேகத்தில் ஒரு பிட் சுமார் 104 மைக்ரோநொடி. பக்கத்தில் ஒரு ரிலே அடித்து ஒரு மில்லிநொடி இரைச்சல் வந்தால் பத்துப் பிட் வரை அதில் மூழ்கும். அங்கே தனித்தனிப் பிழை என்ற பேச்சே இல்லை, பாதிக்குப் பாதிதான். தொழிற்சாலைகளில் ஓடுகிற மாட்பஸ் ஆர்டியுவில் எழுத்துக்கு எழுத்து இரட்டைப்படை பாரிட்டி இருந்தும், ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் 16 பிட் சிஆர்சி ஒன்று வைத்திருப்பது சும்மா இல்லை.

மெமரியிலேயே முகவரிக் கம்பி ஒன்று கெட்டால்? கேட்டது ஓர் இடம், வந்தது வேறோர் இடத்தின் 9 பிட். அந்த 9 பிட்டும் தங்களுக்குள் சரியாகவே இருக்கும். பாரிட்டி ஒன்றும் சொல்லாது. அது பைட்டின் உள்ளே பார்க்கிற சோதனை, இது சரியான பைட்தானா என்று அதற்குத் தெரியாது.

பிறகு சிப்புகள் மாறின. மெமரி சிறு பலகைகளாக வந்தது. சிம் என்று பெயர், போனில் போடுகிற சிம் அல்ல. 9 சிப்புக்குப் பதில் 3 சிப்: தரவுக்கு 4 பிட் அகலத்தில் இரண்டு, பாரிட்டிக்கு ஒரு பிட் அகலத்தில் ஒன்று. இடம் மிச்சம், விலையும் குறைவு. ஆனால் இப்போது தரவு சிப் ஒன்று செத்தால் ஒரே பைட்டில் 4 பிட் கெடும். அந்த நாலு பிட்டில் வரக்கூடிய பிழைகள் 15 விதம். ஒற்றைப்படையானவை 8, இரட்டைப்படையானவை 7. பாரிட்டியின் கேட்டுகள் மாறவில்லை, விதி மாறவில்லை. பிழை வருகிற விதம் மாறியது, காவல் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. துகள் தாக்கி ஒற்றைச் செல் புரண்டால் மட்டும் பழையபடி மாட்டும்.

போலி பாரிட்டி

கடைசியாக, என்னை இதையெல்லாம் தோண்ட வைத்த பலகை. பழைய பொருள் கடை ஒன்றில் வாங்கிய 30 பின் சிம் அது. மூன்று சிப், பாரிட்டி உள்ளது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போர்டும் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு பிழைகூட வந்ததில்லை.

1990-களில் மெமரி விலை ஏறியிருந்தபோது சிலர் ஒரு வேலை செய்தார்கள். பாரிட்டிக்கான மெமரி சிப்பின் இடத்தில் எக்ஸார் மரம் கொண்ட ஒரு மலிவான சிப்பை வைத்தார்கள். எழுதும்போது வருகிற பாரிட்டி பிட்டை அது கண்டுகொள்ளாது. படிக்கும்போது, தரவு சிப்புகளிலிருந்து அப்போது வெளியே வருகிற 8 பிட்டை வைத்துப் புதிதாக ஒரு பாரிட்டி கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

என்ன ஆகும் என்று பாருங்கள். '5' என்று எழுதியது '7' ஆகிவிட்டது. போலி சிப் '7'-க்கான பாரிட்டியைச் சுத்தமாகக் கணக்கிட்டுக் கொடுக்கும். 74280 எண்ணிப் பார்க்கும், எல்லாம் சரி. ஒரு பிட் இல்லை, எத்தனை பிட் புரண்டாலும் மணி அடிக்கவே அடிக்காது. கேட்டுகள் அதேதான், கணக்கும் நூற்றுக்கு நூறு சரி. கணக்குப் போட்ட நேரம்தான் தப்பு. பாரிட்டி என்பது பயணம் கிளம்பும்போது எடுத்து வைக்கிற சாட்சி. போய்ச் சேர்ந்த இடத்தில் புதிதாகத் தயாரித்தால் அது சாட்சி இல்லை.

பார்வைக்கு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் சிப் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். நான் செய்த சோதனை இது. 30 பின் சிம்மில் பாரிட்டி பிட் உள்ளே போக ஒரு பின்னும் வெளியே வர வேறொரு பின்னும் இருக்கின்றன. உள்ளே போகிற பின்னின் மேல் மட்டும் மெல்லிய டேப் ஒட்டினேன். உண்மையான பாரிட்டி சிப் என்றால் எழுத வேண்டிய பிட் அதற்குப் போய்ச் சேராது, மெமரி டெஸ்டிலேயே பாரிட்டி பிழை வந்து நிற்க வேண்டும். இன்னொரு 9 சிப் பலகையில் அப்படியேதான் நின்றது. என்னுடைய மூன்று சிப் பலகை மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி மெமரி முழுவதையும் எண்ணி முடித்து பூட் ஆனது.

பிழை வராததால் அதுநாள் வரை அதை நல்ல மெமரி என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பலகையின் பின்பக்கம் மார்க்கரில் "ரெட்டை பார்க்காது, ஒத்தையும் பார்க்காது" என்று எழுதித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.